வயல் பரப்பு தப்பாக வருகிறதா? ஷூலேஸ் கணக்கில் எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் ஜி.பி.எஸ்ஸை வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்து, முனைகளின் அளவுகளை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் முனைகளின் அளவிலிருந்து பரப்பைக் கணக்கிடும் ஷூலேஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் பட்டாவில் ஒன்று இருக்கும், கணக்கில் வேறொன்று வரும். சூத்திரத்தில் குறை இல்லை. அதற்குள் போகிற எண்களில்தான் கோளாறு. வருகிற விடை எப்படித் தப்பாக இருக்கிறது என்று பார்த்தாலே, கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியாக ஓடுகிற ஒரு கணக்கு வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக் கொல்லை ஒன்று, ஐந்து முனை. 3-ஆம் முனையில் வாய்க்கால் உள்பக்கமாக வளைகிறது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறையின் 44 வடக்கு மண்டலத்தில் முனைகள் இவை. முதலில் கிழக்கு அளவு, அடுத்து வடக்கு அளவு:

```
1   355012.4   1301420.6
2   355081.7   1301428.1
3   355078.2   1301466.9
4   355085.5   1301489.3
5   355006.9   1301482.0
```

முதல் வேலை, எல்லா வரிசையிலிருந்தும் 1-ஆம் முனையின் அளவைக் கழிப்பது. நிலம் நகராது, பரப்பும் மாறாது. எண்கள் மட்டும் கைக்கு அடங்கிவிடும். இதைச் செய்யாமல் கணக்குப் போடவே வேண்டாம் என்பேன். காரணம் கீழே வரும்.

```
1     0.0    0.0
2    69.3    7.5
3    65.8   46.3
4    73.1   68.7
5    -5.5   61.4
1     0.0    0.0
```

இந்த வரிசையின் கிழக்கு அளவை அடுத்த வரிசையின் வடக்கு அளவால் பெருக்கி, அதிலிருந்து அடுத்த வரிசையின் கிழக்கை இந்த வரிசையின் வடக்கால் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். 2-லிருந்து 3-க்கு 2715.09, 3-லிருந்து 4-க்கு 1135.93, 4-லிருந்து 5-க்கு 4866.19. 1-ஆம் முனையைத் தொடுகிற இரண்டு வரிகளும் பூஜ்யம். கூட்டினால் 8717.21, அதில் பாதி 4358.6 சதுர மீட்டர். சென்ட்டுக்கு 40.47 சதுர மீட்டர் என்று வகுத்தால் 107.7 சென்ட்.

எக்செல் தாளில் கழித்த எண்கள் D, E பத்திகளில் 2 முதல் 6-ஆம் வரிசை வரை இருந்து, 7-ஆம் வரிசையில் முதல் முனை மறுபடி எழுதப்பட்டிருந்தால், சூத்திரம் இதுதான்:

```
=ABS(SUMPRODUCT(D2:D6,E3:E7)-SUMPRODUCT(D3:D7,E2:E6))/2
```

இனி அறிகுறி அறிகுறியாகப் பார்ப்போம்.

## விடை கழித்தல் குறியோடு வருகிறது

கையால் போடும்போதோ, ABS இல்லாத சூத்திரத்திலோ இது வரும். கோளாறே இல்லை. நீங்கள் வலம் சுற்றியிருக்கிறீர்கள், சூத்திரம் இடம் சுற்றை எதிர்பார்க்கிறது. கிழக்கு, வடக்குப் பத்திகளை மொத்தமாக மாற்றிப் போட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். குறியை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வரிசையில் மட்டும் இரண்டும் இடம் மாறியிருந்தால் அது வேறு கதை. விடை கோடிக் கணக்கில் போய்விடும், கண்ணில் படாமல் இருக்காது.

## விடை 0.00000036 மாதிரி வருகிறது

டிகிரியில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்து எண்கள் 11, 79 என்று தொடங்கினால் அவை டிகிரி. எக்செல் இதை 3.6E-07 என்று காட்டும். அவசரத்துக்குக் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் அந்த விடையை 110620-ஆல் பெருக்கி, அப்புறம் 109000-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கிடைத்துவிடும். இங்கே ஒரு டிகிரி அட்சம் 110620 மீட்டர், ஒரு டிகிரி தீர்க்கம் 109000 மீட்டர். இந்தப் பெருக்கத்துக்கு விடையின் எல்லா இலக்கமும் தேவை. திரையில் தெரிகிற 3.6-ஐ மட்டும் எடுத்துப் பெருக்காதீர்கள்.

முறையாகச் செய்ய, வரைபட மென்பொருளான `QGIS`-இல் புள்ளிகளை ஏற்றி, யு.டி.எம். 44 வடக்கின் குறியீடான `EPSG:32644`-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் முனைகள் சம்பந்தமில்லாத இடத்தில் விழுந்தால், டிகிரி, நிமிடம், விநாடியாக இருந்ததைத் தசமம்போல் அடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். 11 டிகிரி 46 நிமிடம் 12 விநாடி என்பது 11.77, 11.4612 என்று அடித்தால் நிலம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். நான்கு இலக்கம் என்றால் படி 11 மீட்டர், ஆறு இலக்கம் என்றால் 11 சென்டிமீட்டர். ஆறுக்குக் குறைவாக எழுதி வந்திருந்தால் கணக்கைத் தொடர வேண்டாம், புள்ளிகளைக் கருவியிலிருந்து மறுபடி எடுங்கள்.

## ஒரு ஏக்கர் நிலத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டுகிறது

கடைசி முனையிலிருந்து முதல் முனைக்குத் திரும்பும் வரி விட்டுப்போயிருக்கிறது. மேலே உள்ள ஐந்து முனைகளையும் கழிக்காமல், அந்தக் கடைசி வரி இல்லாமல் கூட்டிப் பாருங்கள்: 1,44,82,146 சதுர மீட்டர் வரும். ஏறக்குறைய 3,580 ஏக்கர். எண்கள் ஒவ்வொன்றும் லட்சங்களில் இருப்பதால், ஒரு வரி விட்டுப்போனாலே விடை இப்படி வெடித்துவிடுகிறது. 1-ஆம் முனையைக் கழித்துவிட்டால் அந்தக் கடைசி வரியே பூஜ்யம் ஆகிவிடுகிறது. மறந்தாலும் விடை கெடாது. முதலில் கழியுங்கள் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கால்குலேட்டர். 355012.4 × 1301428.1 என்று பெருக்கினால் விடையில் முழு எண் பகுதியே பன்னிரண்டு இலக்கம். பத்து இலக்கம் காட்டுகிற கால்குலேட்டரில் எழுதியெடுத்துக் கூட்டினால் கடைசி இரண்டு இலக்கம் போய்விடும்; ஒவ்வொரு வரியிலும் பத்து சதுர மீட்டர்க் கணக்கில் பிசகும். எக்செல் பதினைந்து இலக்கம் வரை வைத்துக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் போடும்போது விடை கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணம். கழித்துவிட்டுப் போட்டால் சாதாரணக் கால்குலேட்டரே போதும்.

## பரப்பு பாதியாக, கால்வாசியாக வருகிறது

முனைகளின் வரிசை கலைந்திருக்கிறது. இது இரண்டு விதமாக நடக்கும், இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதல் விதம், கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது. 4-ஐயும் 5-ஐயும் இடம் மாற்றிப் போட்டால், நம் கொல்லை 26.5 சென்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. படம் போட்டால் உடுக்கை மாதிரி நடுவில் குறுகித் தெரியும். ஒரு பாதி கூட்டலாகவும் மறு பாதி கழித்தலாகவும் போவதால் இவ்வளவு குறைகிறது. `QGIS`-இல் வடிவம் செல்லுமா என்று சோதித்தாலே கோடு வெட்டிக்கொள்வதைச் சொல்லிவிடும்.

இரண்டாம் விதம்தான் ஏமாற்றும். வாய்க்கால் வளைவை முதல் சுற்றில் விட்டுவிட்டு, நான்கு மூலையும் முடிந்த பிறகு ஞாபகம் வந்து, போய் எடுத்துக் கடைசியில் சேர்ப்பார்கள். வரிசை 1, 2, 4, 5, 3 என்று ஆகிவிடும். இதில் எந்தக் கோடும் எதையும் வெட்டவில்லை. 5-லிருந்து 3-க்குப் போய் அங்கிருந்து 1-க்குத் திரும்பும்போது, மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆப்பு வெட்டி எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். விடை 59.1 சென்ட். வடிவம் சட்டப்படி சரியான பலகோணம் என்பதால் மென்பொருள் வாயே திறக்காது. 107 சென்ட் நிலம் 59 ஆகத் தெரியும்போது, "பாதி நிலத்தை யாரோ வளைத்துப் போட்டுவிட்டார்கள்" என்று ஆள் பதறிப் போய்விடுகிறார்.

கண்டுபிடிக்க ஒரே வழி, எண்களைப் படமாகப் போட்டு, நிலத்துக்காரர் கண்ணால் பார்ப்பது. எக்செல்லில் சிதறல் வரைபடத்தைக் கோட்டோடு போட்டாலே போதும். இதைத் தவிர்க்க, முனைகளை எடுக்கும்போதே பெயரோடு எழுதுங்கள்: "தென்கிழக்கு, போர் மோட்டார்", "வாய்க்கால் வளைவு" என்று. வரிசை கலைந்தாலும் பெயரை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

## நான்கைந்து சென்ட் கூடுதலாக வருகிறது

இதற்கு இரண்டு காரணம் முந்தி நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிழையைத் தருவதால் ஒன்றை மற்றொன்று என்று நினைக்க இடமுண்டு.

ஒன்று, இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் `EPSG:3857`. இதுவும் மீட்டர் என்றுதான் சொல்லும். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கடலூர், புதுச்சேரி மட்டத்தில் பரப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகிறது. நம் 107.7 சென்ட் 113 ஆகிவிடும். கிழக்கு அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்: யு.டி.எம். 44-இல் நம் பக்கத்து எண் ஆறு இலக்கம், 3 லட்சத்தில் இருக்கும். இந்த முறையில் ஏழு இலக்கம், 88 லட்சத்தில் இருக்கும். விடையை 5 சதவீதம் குறைத்துக்கொள்வதைவிட, புள்ளிகளை `EPSG:32644`-க்கு மாற்றி மறுபடி போடுவதே நல்லது.

கிழக்கு அளவு 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால் பக்கத்து மண்டலமான 43-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதில் பிழை அரை சதவீதத்துக்குச் சற்று மேல், நம் கொல்லைக்கு அரை சென்ட் சொச்சம். சரியான மண்டலத்திலும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. இந்த இடத்தில் அது ஒரு சதுர மீட்டர் அளவுதான், அதை விட்டுவிடலாம்.

இன்னொரு காரணம், உள்வாங்கிய வளைவு ஒன்றை எடுக்காமல் விட்டது. 3-ஆம் முனை இல்லாமல் போட்டால் 112.2 சென்ட் வருகிறது. வெளியே துருத்தும் வளைவை விட்டிருந்தால் இதே மாதிரி குறையும். கிழக்கு அளவு 3 லட்சத்தில் சரியாக இருந்து, பரப்பு மட்டும் கூடினால், வரப்பு எங்கெங்கே நேர்கோட்டிலிருந்து விலகுகிறது என்று நடந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் விலகுகிற இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வேண்டும்.

## எல்லாம் சரி, ஆனாலும் பட்டாவோடு ஒத்துப்போகவில்லை

முதலில் பட்டாவைச் சரியாகப் படித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 0 - 41.50 என்றால் 41.5 ஏர், அதாவது 4150 சதுர மீட்டர், 102.5 சென்ட். 0 - 4.50 என்று இருப்பதை 0.45 ஹெக்டேர் என்று படித்துவிட்டால் பத்து மடங்கு தவறு. அது 450 சதுர மீட்டர்தான். புதுச்சேரி ஆவணங்களில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்றாகப் பிரித்திருந்தால், சென்டியார் ஒன்று ஒரு சதுர மீட்டர். குழிக் கணக்கில் யாராவது சொன்னால், அவர் சொல்லும் குழி எத்தனை சதுர அடி என்று கேட்டுக்கொண்டு அப்புறம் மாற்றுங்கள். ஊருக்கு ஊர் மாறும்.

நம் கொல்லையின் பட்டா 0 - 41.50 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 107.7, பட்டா 102.5. ஐந்து சென்ட் எங்கே போயிற்று?

அடுத்து, வரப்பில் எங்கே நடந்தீர்கள் என்று பாருங்கள். இந்தக் கொல்லையின் சுற்றளவு சுமார் 273 மீட்டர். பொது வரப்பின் நடுவில் நடக்காமல் வெளி விளிம்பில் நடந்து, சுற்றிலும் அரை மீட்டர் கூடினால் 136 சதுர மீட்டர், அதாவது 3.4 சென்ட் ஏறிவிடும். வரப்பு அகலமாக இருக்கிற இடத்தில் இது நிச்சயம் கணக்கில் வர வேண்டிய விஷயம்.

அதற்கப்புறம்தான் ஜி.பி.எஸ். பிழை. நாலு பக்க நிலத்துக்குக் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு முனைக்கு ஒவ்வொரு திசையிலும் இருக்கக்கூடிய பிழையை, நிலத்தின் மூலைவிட்டத்தால் பெருக்கினால் பரப்பில் வரக்கூடிய பிழை சுமாராகத் தெரியும். நம் கொல்லைக்கு மூலைவிட்டம் நூறு மீட்டர் அளவு. போன் இரண்டு மீட்டர் பிசகினால் 200 சதுர மீட்டர், ஐந்து சென்ட். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும்போதோ, பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புக்குள்ளோ எடுத்தால் பிசகு இரண்டு மீட்டரோடு நிற்காது. எல்லா முனையும் ஒரே பக்கமாக ஒரே அளவு நகர்ந்திருந்தால் பரப்பு மாறாது. அதனால் முனைகளை இடைவெளி விடாமல் ஒரே சுற்றில் எடுப்பது நல்லது. காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

எந்த முனை கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க 30 மீட்டர் டேப்பே போதும். முனைகளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் கணக்கிட்டு, டேப்பில் அளந்ததோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

```
பக்கம்     கணக்கு    டேப்
1 - 2      69.7      69.5
3 - 4      23.6      23.4
4 - 5      78.9      75.6
5 - 1      61.7      61.9
```

மற்றவை எல்லாம் இருபது சென்டிமீட்டரில் நிற்க, 4-5 மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் உதைக்கிறது. 4-ஆம் முனை 3-ஓடு ஒத்துப்போகிறது, ஆகவே 5-ஐத்தான் சந்தேகிக்க வேண்டும். அது மேற்கே நகர்ந்திருந்தாலும் 5-1 நீளம் அதிகம் மாறாது, அந்தப் பக்கம் ஏறத்தாழ வடக்கு தெற்காக இருப்பதால். 5-ஆம் முனையில் போனைக் கம்பத்தில் உயர்த்திக் கட்டி, சில நிமிடம் விட்டுச் சராசரி எடுத்தால் கழித்த அளவு -2.3, 61.6 என்று வருகிறது. மறுபடி போட்டால் 4256 சதுர மீட்டர், 105.2 சென்ட். இனி பட்டாவோடு வித்தியாசம் இரண்டரைச் சென்ட் சொச்சம். இது போன் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் போனை வைத்துத் துருவ முடியாது.

டேப்புக்கு நேரமில்லை என்றால் எந்த முனையை முதலில் திரும்ப எடுப்பது? ஒரு முனையின் இரு பக்கத்து முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் எங்கே அதிகமோ, அங்கே. 5-க்கு அது நூறு மீட்டர். அந்த முனை மூன்று மீட்டர் உள்ளே வெளியே போனால் 150 சதுர மீட்டர் மாறும். 3-க்கு 61 மீட்டர்தான். அதே பிசகுக்கு 92 சதுர மீட்டர்.

## எப்போது நில அளவரைக் கூப்பிட வேண்டும்

வித்தியாசம் மேலே சொன்ன கைக்கணக்கைத் தாண்டி நின்றால், முதலில் துல்லியமான ஜி.பி.எஸ். கருவியான டி.ஜி.பி.எஸ். வைத்திருக்கும் தனியார் சர்வேயரை வைத்து முனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வானம் திறந்த இடத்தில் சென்டிமீட்டர் கணக்கில் நிற்கும். நூறு மீட்டர் மூலைவிட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பிசகினாலும் பரப்பில் ஐந்து சதுர மீட்டர்தான். எந்த மண்டலத்தில் தருகிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆனால் பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு, உட்பிரிவு, கிரயம், காணாமல் போன எல்லைக் கல் என்று வந்துவிட்டால், எவ்வளவு துல்லியமான கருவியாக இருந்தாலும் தனியார் அளவு முடிவாகாது. நீங்கள் நடந்த வரப்பின் பரப்பைத்தான் சூத்திரம் சொல்கிறது. வரப்பு எல்லையில் இருக்கிறதா என்பதை அது அறியாது. அப்போது நிலத்தை அளக்க மனுக் கொடுத்து, அரசு நில அளவர் வந்து புலப்படத்தை வைத்துக் கல்லைத் தேட வேண்டும். புதுச்சேரியில் இது நில அளவை, பதிவேடுகள் துறையின் வேலை. மனுவோடு பட்டா, புலப்பட நகல், சுற்றியுள்ள சர்வே எண்கள் இருக்கட்டும். பழைய புலப்படத்தில் அளவு சங்கிலி, லிங்க் கணக்கில் இருந்தால் ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர்.

அளவர் வரும் நாளில் உங்கள் முனைப் பட்டியலை எல்லை என்று நீட்ட வேண்டாம். கல் புதைந்திருக்கக்கூடிய இடத்தைக் காட்டவும், டேப் அளவோடு ஒத்துப்பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தோண்டிக் கல் தெரிந்தால், அதன் மேலேயே ஜி.பி.எஸ்ஸை வைத்து எடுத்து, தாளில் அந்த முனையின் வரிசையை மட்டும் மாற்றினால் புதுப் பரப்பு உடனே வந்துவிடும். மாற்றியது 1-ஆம் முனை என்றால், 7-ஆம் வரிசையிலும் அதே மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.